லாக் ஒபரோனும் ஒரு சின்னக் கசிவும்

கேள்வி: லாக்டோஸ் உள்ளே வந்தால்தான் லாக் ஒபரோன் திறக்குமாம். திறக்காமல் அது உள்ளே வருவது எப்படி? (உயர்தர மாணவி, திருகோணமலை)

லாக் ஒபரோன் என்பது ஈ.கோலை பற்றீரியா லாக்டோஸை உள்ளே எடுத்து உடைக்கத் தேவையான பரம்பரையலகுகளின் தொகுதி. லாக்டோஸ் இல்லாதபோது அந்தப் புரதங்களைச் செய்வது வீண் செலவு. அதனால் அடக்கிப் புரதம் டீ.என்.ஏ.யில் உட்கார்ந்து வாசிப்பைத் தடுக்கிறது.

ஆனால் அடக்கி இடையிடையே நழுவும். அப்போது உருவாகும் ஒரு சில புரதங்களே முதல் லாக்டோஸை உள்ளே விட்டு, கொஞ்சத்தை அலோலாக்டோஸாக மாற்றுகின்றன. உண்மையான தூண்டி இதுதான். இது ஒட்டியதும் அடக்கியின் வடிவம் மாறிப் பிடி தளர்கிறது. கரையில் கட்டிய வள்ளத்தின் கயிறு அவிழ்ந்த மாதிரி. சரி, வள்ளம் ஓட எஞ்சினும் வேண்டுமே? வாசிப்பை முடுக்கிவிடும் பொறிமுறைதான் அந்த எஞ்சின்; குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் அது மந்தம்தான்.

தூண்டி அடக்கியை அழித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழிப்பதில்லை, லாக்டோஸ் தீர்ந்ததும் அடக்கி திரும்பவும் டீ.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்ளும்.