80.75 மதிப்பெண்ணை நம்பிக் காபிக்கொட்டை வாங்கலாமா?

கேள்வி: கோவையில் சிறிய அளவில் காபி வறுத்து விற்கிறேன். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்று தன் வாஷ்டு அராபிகாவுக்கு 80.75 மதிப்பெண் என்று சீட்டு அனுப்பிக் கூடுதல் விலை கேட்கிறது. ஸ்பெஷாலிட்டி தரத்துக்கான எல்லையான 80-ஐத் தாண்டிவிட்டதால் நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், சீட்டை முழுமையாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷனின் பழைய படிவத்தில் பத்துத் தலைப்புகள் உண்டு. மணம், சுவை, பின்சுவை, புளிப்பு, கனம், சமநிலை, ஒட்டுமொத்த மதிப்பு ஆகிய ஏழுக்கும் 6 முதல் 10 வரை கால் கால் புள்ளியாக மதிப்பிடுவார்கள். ஒரே சீர்மை, சுத்தம், இனிப்பு ஆகிய மூன்றில் ஐந்து கோப்பைகளுக்கும் தலா 2 புள்ளி. குறையில்லாத காபிக்கு இந்த 30 புள்ளியும் அப்படியே கிடைத்துவிடும். உங்கள் 80.75-இல் இந்த முப்பதைக் கழித்தால் எஞ்சுவது 50.75, அதாவது ஏழு தலைப்புகளில் சராசரி 7.25 மட்டுமே. ஆகவே 80 என்ற எல்லை, காபியில் பழுது இல்லை என்பதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. அதன் ருசி எப்படிப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

ஐந்து கோப்பைகளில் ஒன்றில் மட்டும் லேசான புளித்த வாடை வந்தால் என்ன ஆகும்? சீர்மையில் 2, சுத்தத்தில் 2, குறைக்கான கழிவாக 2 என ஆறு புள்ளி போய், அதே காபி 74.75-க்கு இறங்கிவிடும். ஊறிக் கெட்ட ஒரே கொட்டை இதற்குப் போதும். ஒவ்வொரு கோப்பைக்கான கொட்டையையும் தனித்தனியே எடைபோட்டு அரைப்பது, அந்தக் கொட்டை ஐந்திலும் கலந்து மறைந்துவிடாமல் இருக்கத்தான். ஆனால் கோப்பைக்கு 8.25 கிராம் என்றால் ஐந்துக்கும் சேர்த்து சுமார் 41 கிராம்தான். அது எத்தனை மூட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே முக்கியம்.

எனவே கப்பிங் எனும் இந்தச் சுவைச் சோதனை நடந்த தேதி, படிவத்தின் பெயர், சுவைத்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். 2023 முதல் அச்சங்கம் வேறொரு மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்திருப்பதால், இரண்டு படிவங்களின் எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. தேதி பழையதென்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை: மழைக்காலத்தில் சணல் சாக்கில் கிடந்த கொட்டையில் சாக்கு வாடை ஏறியிருக்கலாம்.

பல மூட்டைகளிலிருந்து எடுத்த 350 கிராம் மாதிரியை வரவழையுங்கள். கறுத்த கொட்டை, புளித்த கொட்டை போன்ற முதன்மைக் குறை அதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இளவறுப்பாக வறுத்து, எட்டு மணி நேரம் ஆறவிட்டு, 8.25 கிராம் தூளுக்கு 150 மில்லி வெந்நீர் என்ற கணக்கில் 93 டிகிரியில் ஊற்றிச் சுவையுங்கள். கோப்பை ஆற ஆறத்தான் பழுது வெளிப்படும் என்பதால் கடைசி வாய்வரை பொறுத்திருங்கள்.

கப்பிங்கில் பாலும் இல்லை, சிக்கரியும் இல்லை. நீங்கள் விற்பது கருவறுப்பு ஃபில்டர் காபி என்றால், புளிப்பில் கிடைத்த உயர்ந்த புள்ளி உங்கள் டம்ளரில் பெரும்பாலும் தெரியாது. அதற்கு கனம், பின்சுவை ஆகியவற்றின் புள்ளிகளைப் பார்த்து விலை பேசுங்கள். வந்துசேரும் சரக்கில் ஐந்து கோப்பையும் சுத்தமாக இல்லையென்றால் விலை குறையும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.