அத்தாவுக்கும் அம்மாவுக்கும் துஆ கேட்க ஏற்ற நேரம்

"அத்தா மவுத்தாகிவிட்டார், அம்மா ஈரோட்டில் இருக்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை முடித்து அறைக்கு வர இரவு இரண்டு மணியாகிறது. இருவருக்கும் எப்போது துஆ கேட்பது? அரபி அதிகம் தெரியாது."

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரரே. நீங்கள் அறைக்குத் திரும்பும் நேரமே மிகச் சிறந்த நேரங்களில் ஒன்று. மஃரிப் மாலை 6.30க்கும் பஜ்ர் காலை 5.00க்கும் என்றால் இரவு பத்தரை மணி நேரம். அதன் கடைசி மூன்றில் ஒரு பகுதி 1.30க்கே தொடங்கிவிடுகிறது. உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுது, சலாம் கொடுத்தபின் கையேந்தி, அத்தாவின் பாவமன்னிப்புக்கும் கப்ரின் விசாலத்துக்கும், அம்மாவின் உடல்நலத்துக்கும் ஈமானுக்கும் தமிழிலேயே கேளுங்கள்.

தொழுகைக்குள் தமிழில் கேட்பதை ஹனஃபி மத்ஹபினர் ஏற்பதில்லை. ஆகவே கடைசி இருப்பில், ஸலவாத்துக்குப் பிறகு, இப்ராஹீம் நபி கேட்ட "ரப்பனக்ஃபிர் லீ வலிவாலிதய்ய வலில் முஃமினீன யவ்ம யகூமுல் ஹிஸாப்" என்ற துஆவை ஓதுங்கள். அதில் பெற்றோர் இருவரும் அடங்குவர். நம் பக்கத்து மதரஸாக்களில் சிறு வயதிலேயே ஓதிக்கொடுப்பதால் உங்களுக்கே நினைவிருக்கலாம்.

அசதியில் இரவு தவறினால், பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையே கேட்கும் துஆ மறுக்கப்படுவதில்லை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. பள்ளிவாசலுக்குச் சற்று முன்னதாகவே போய் அமர்ந்தால் அந்த நேரம் தமிழில் கேட்கவும் போதும்.