சப்போர்ட் இருந்த இடத்தில் ஹிஞ்ச்

வணக்கம் ஐயா,

சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். A, B இரண்டிலும் சிம்ப்பிள் சப்போர்ட், நடுவில் 6 மீட்டர் ஸ்பான். B-யைத் தாண்டி C வரை 2 மீட்டர் ஓவர்ஹேங், C நுனியில் 15 கிலோ நியூட்டன் லோடு. நுனி எவ்வளவு இறங்கும் என்று கணக்கு. ஓவர்ஹேங்கை கான்டிலீவராக எடுத்து 40/EI போட்டேன், விடை 160/EI என்று இருக்கிறது. கான்ஜுகேட் பீமில் போடலாம் என்று பார்த்தால் B சப்போர்ட்டை எடுத்துவிட்டு அங்கே ஹிஞ்ச் வைக்கிறார்கள், ஒன்றுமே இல்லாத C-யை ஃபிக்ஸட் ஆக்குகிறார்கள். சப்போர்ட்டே இல்லாமல் நடுவில் ஹிஞ்ச் வைத்தால் பீம் விழுந்துவிடாதா? அட்டவணையை மனப்பாடம் செய்யுங்கள் என்கிறார்கள். எனக்கு மண்டையில் ஏறவில்லை.

ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

உங்கள் 40 எங்கேயும் போகவில்லை, அந்த 160-க்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. விட்டுப்போனது மீதி 120. அது எங்கே என்று பார்க்க முதலில் மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். இரண்டு பென்சில்களைக் குறுக்கே போட்டு அதன் மேல் ஸ்கேலை வையுங்கள், ஒரு பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். நீட்டிய முனையை அழுத்தினால் மறுகோடி பென்சிலை விட்டு எழும்பும். அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்துங்கள். இப்போது நடுவில் ஸ்கேல் மேல் நோக்கி வளையும். முனைப் பக்கத்துப் பென்சிலின் மேல் ஸ்கேல் சமமாக இல்லை, சாய்ந்திருக்கிறது. கான்டிலீவர் என்று எடுத்தபோது அந்தச் சாய்வைத்தான் நீங்கள் பூஜ்யம் என்று வைத்துவிட்டீர்கள். B-யில் சுவருக்குள் புதைத்தது போல நினைத்தீர்கள், ஆனால் அது உருளை மேல் உட்கார்ந்திருக்கிறது.

விரலால் பிடிக்க வேண்டியிருந்தது அல்லவா, அதுதான் A-யின் ரியாக்‌ஷன். உங்கள் பீமில் அது 5 கிலோ நியூட்டன், கீழ்நோக்கி. B-யில் 20 மேல்நோக்கி. பெண்டிங் மொமெண்ட் A-யில் பூஜ்யத்தில் தொடங்கி B-யில் 30 கிலோ நியூட்டன் மீட்டருக்கு ஏறி, C-யில் மறுபடி பூஜ்யம். முழுவதும் ஹாகிங். இரண்டு முக்கோணம், அவ்வளவுதான் வரைபடம்.

சரி, இப்போது ஹிஞ்ச் விஷயம். கான்ஜுகேட் பீம் என்பது யாரும் தூக்கி நிறுத்தப்போகிற பீம் இல்லை, காகிதத்தில் மட்டும் இருப்பது. நிஜ பீமின் M/EI வரைபடத்தை அதன் மேல் லோடாக ஏற்றுகிறோம். லோடை ஒரு தடவை கூட்டினால் ஷியர், இன்னொரு தடவை கூட்டினால் மொமெண்ட். M/EI-யை ஒரு தடவை கூட்டினால் ஸ்லோப், இன்னொரு தடவை கூட்டினால் டிஃப்ளெக்‌ஷன். இரண்டும் ஒரே கணக்கு என்பதால் கற்பனை பீமின் ஷியர் நிஜ பீமின் ஸ்லோப் ஆகிறது, அதன் மொமெண்ட் நிஜ பீமின் டிஃப்ளெக்‌ஷன் ஆகிறது. ஜெர்மன் பொறியாளர் மோர் 1868-லேயே இந்த ஒற்றுமையைப் பிடித்துவிட்டார். (சில பாடநூல்களில் இந்த முறையை முல்லர்-பிரெஸ்லாவ் 1865-இல் கண்டுபிடித்தார் என்று அச்சாகியிருக்கும். அவர் பிறந்தது 1851. பதினான்கு வயதுப் பையன் கண்டுபிடித்திருந்தால் சந்தோஷம்தான்!)

ஆனால் கூட்டலுக்கு ஒரு தொடக்கம் வேண்டும், முனைகளில் என்ன நிலவரம் என்று தெரிய வேண்டும். சப்போர்ட்டுகளை மாற்றுவது அதற்காகத்தான். B-யை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ பீம் அங்கே இறங்காது, அதனால் கற்பனை பீமில் அங்கே மொமெண்ட் இருக்கக் கூடாது. நிஜ பீம் அங்கே சாயும், அதனால் ஷியர் இருக்க வேண்டும். அதோடு B-க்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சாய்வுதான், பீம் அங்கே ஒடிந்து மடங்கவில்லையே. அப்படியானால் ஷியரும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கற்பனை பீமில் B-யில் ஒரு சப்போர்ட்டை வைத்துப் பாருங்கள், அதன் ரியாக்‌ஷன் ஷியர் வரைபடத்தில் ஒரு படியைப் போட்டுவிடும். ஆகவே சப்போர்ட் கூடாது. மொமெண்ட் பூஜ்யமாகவும் ஷியர் தடையில்லாமல் கடந்துபோகவும் பீமில் இருக்கும் ஒரே ஏற்பாடு உள் ஹிஞ்ச்.

C-யையும் இப்படியே கேளுங்கள். நுனி சாயும், இறங்கும், இரண்டும் உண்டு. ஷியரும் மொமெண்டும் இரண்டுமே வரக்கூடிய முனை ஃபிக்ஸட் முனை. A சாயும், ஆனால் இறங்காது. அதனால் அங்கே சிம்ப்பிள் சப்போர்ட் அப்படியே இருக்கட்டும். மூன்று இடத்தில் இரண்டு கேள்வி கேட்டால் அட்டவணை தானாக வந்துவிடும்.

விழுமா என்று கேட்டிருந்தீர்கள். விழாது. வலப்பக்கத்துத் துண்டு C-யிலிருந்து இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கான்டிலீவர். இடப்பக்கத்துத் துண்டுக்கு ஒரு கால் A-யில், இன்னொரு கால் அந்தக் கான்டிலீவரின் நுனியில். பழைய பாலங்களில் இரண்டு கான்டிலீவர் நுனிகளுக்கு நடுவே ஒரு ஸ்பானைத் தொங்கவிடுவார்கள், கிட்டத்தட்ட அதே அமைப்பு. கணக்கையும் அந்த வரிசையில்தான் போட வேண்டும், முதலில் AB, அப்புறம் BC.

குறி விஷயத்தில் நம் ஊர்ப் புத்தக வழக்கத்தையே வைத்துக்கொள்வோம். சாகிங் மொமெண்டைக் கீழ்நோக்கிய லோடாகவும் ஹாகிங்கை மேல்நோக்கிய லோடாகவும் போடுங்கள். அப்போது பிளஸ் ஷியர் என்றால் கடிகாரத் திசையில் சாய்வு, பிளஸ் மொமெண்ட் என்றால் கீழே இறக்கம். நம்முடையது முழுக்க ஹாகிங், எல்லா லோடும் மேல்நோக்கி.

AB மேல் இருக்கும் முக்கோணத்தின் மொத்தம் 6 × 30 ÷ 2 = 90/EI. அதன் மையம் A-யிலிருந்து 4 மீட்டரில். மேலே தள்ளும் இந்த 90-ஐ A-யும் ஹிஞ்சும் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். பங்கு பிரித்தால் A-க்கு 30, ஹிஞ்சுக்கு 60. ஆக A-யின் சாய்வு 30/EI, எதிர்க்கடிகாரத் திசை. B-யின் சாய்வு −30 + 90 = 60/EI, கடிகாரத் திசை.

இனி BC. ஹிஞ்ச் AB-யைக் கீழே இழுக்கிறது என்றால் AB ஹிஞ்சை மேலே இழுக்கிறது. அந்த 60/EI, BC துண்டின் நுனியில் மேல்நோக்கி உட்காருகிறது. பலர் இதைத்தான் மறப்பார்கள். அதோடு BC-யின் சொந்த முக்கோணம் 2 × 30 ÷ 2 = 30/EI, அதன் மையம் C-யிலிருந்து 4/3 மீட்டர். C-யில் ஷியர் 60 + 30 = 90/EI, நுனியின் ஸ்லோப் அது. மொமெண்ட்:

60 × 2 + 30 × 4/3 = 120 + 40 = 160/EI

பார்த்தீர்களா, உங்கள் 40 அங்கே இருக்கிறது. ஓவர்ஹேங் தானாக வளைவதால் வருவது அந்த 40. B சாய்ந்ததால் 2 மீட்டர் தள்ளி இருக்கும் நுனி கூடவே இறங்குவது 120. ஹிஞ்சில் வந்த அந்த 60-ஐ ஏற்றாமல் விட்டால் மறுபடி 40-லேயே நிற்பீர்கள். B-யில் சப்போர்ட்டை அப்படியே விட்டு C-யையும் ஃப்ரீ முனையாக விட்டால் இன்னும் வேடிக்கை. ஃப்ரீ முனையில் ஷியரும் இல்லை, மொமெண்டும் இல்லை, அதாவது 15 கிலோ நியூட்டன் தொங்கும் நுனி அசையவே இல்லை என்று விடை வரும். கற்பனை பீமைத் தப்பாக வரைந்திருக்கிறோம் என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி கிடையாது.

இது வெறும் பரீட்சை வித்தியாசம் இல்லை. EI-யை 10,000 கிலோ நியூட்டன் சதுர மீட்டர் என்று வையுங்கள், ஐ.எஸ்.எம்.பி. 250 ஏறக்குறைய அவ்வளவு வரும். நுனி 16 மி.மீ. இறங்கும். உங்கள் கணக்கு 4 மி.மீ. என்று சொல்லும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷெட்டின் நீட்டல் பீமுக்கு இதே தப்பைச் செய்தேன். நுனிக்குக் கீழே ஒரு ஸ்லைடிங் கதவு, 10 மி.மீ. இடைவெளி போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். லோடு ஏறிய அன்று கதவு நகரவில்லை. வெல்டர் கதவைத்தான் சந்தேகப்பட்டு ரோலரைக் கழற்றி எண்ணெய் போட்டார். மாலையில் நூல் கட்டிப் பார்த்த பிறகுதான் பீம் இறங்கியிருப்பது தெரிந்தது. நான் போட்டிருந்த தாளை யாரிடமும் காட்டவில்லை.

ஸ்பானுக்குள் பீம் எவ்வளவு எழும்புகிறது என்பதும் இதே படத்தில் கிடைக்கும். ஷியர் பூஜ்யமாகும் இடத்தைத் தேடுங்கள். A-யிலிருந்து x தூரத்தில் லோடின் அடர்த்தி 5x, அதுவரை சேர்ந்தது 2.5x². அது 30-க்குச் சமமாகும் இடம் x = 3.464 மீட்டர். அங்கே மொமெண்ட்:

−30 × 3.464 + 30 × 3.464/3 = −69.3/EI

மைனஸ் என்றால் மேல்நோக்கி, ஏறக்குறைய 7 மி.மீ. சரியான நடுவில் இல்லாமல் B பக்கம் சற்றுத் தள்ளி வருவதைக் கவனியுங்கள். மொமெண்ட் அந்தப் பக்கம்தான் கனமாக இருக்கிறது.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். AB மேல் மட்டும் மீட்டருக்கு 10 கிலோ நியூட்டன் பரவிய லோடையும் சேருங்கள். அதன் மொமெண்ட் ஒரு பரவளையம், உச்சி 45, பரப்பு 2/3 × 6 × 45 = 180/EI, இம்முறை கீழ்நோக்கி. ஹிஞ்சுக்குப் பாதி, 90. அது BC-யின் நுனியைக் கீழே அழுத்தும், C-யில் −180/EI மொமெண்ட் கொடுக்கும். 160-ஐயும் சேர்த்தால் −20/EI. நுனியில் 15 கிலோ நியூட்டன் தொங்குகிறது, ஆனாலும் நுனி 2 மி.மீ. மேலே நிற்கிறது! ஓவர்ஹேங் பீமுக்கு லைவ் லோடை எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு டிஃப்ளெக்‌ஷன் சரி என்று எழுதுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். நுனிக்கு மோசமான நிலை ஸ்பான் காலியாகவும் ஓவர்ஹேங் நிறைந்தும் இருக்கும்போது வரும். அப்போதுதான் A-யும் எழும்பப் பார்க்கும், அங்கே போல்ட் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த 60/EI வந்தது B-யில் பீம் தாராளமாகச் சாயலாம் என்பதால். கான்கிரீட் வீட்டில் பீமும் தூணும் ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும், தூண் சாய்வைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். உண்மை இறக்கம் 40-க்கும் 160-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். அங்கே இந்தப் படம் மட்டும் போதாது, ஃப்ரேமாகவே எடுத்துப் போட வேண்டும்.

லோடை நுனியிலிருந்து எடுத்து BC முழுக்க மீட்டருக்கு 15 கிலோ நியூட்டனாகப் பரப்பி நீங்களே ஒரு தடவை போடுங்கள். B-யில் மொமெண்ட் அதே 30 என்பதால் AB பக்கம் எதுவும் மாறாது, ஹிஞ்சில் அதே 60 வரும். BC மேல் மட்டும் முக்கோணத்துக்குப் பதில் உட்குழிந்த வளைவு, பரப்பு 20/EI, மையம் C-யிலிருந்து 1.5 மீட்டர். விடை 150/EI வந்தால் சரி.