இரவில் 0.19, பகலில் ட்ரிப்: ஸ்ட்ரெய்னரை எப்போது கழுவுவது?

ஐயா, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். கூலிங் டவர் தண்ணீர் பம்புக்குள் போகுமுன் அழுக்கைப் பிடிக்கும் சல்லடையாக ஒரு ஸ்ட்ரெய்னர் இருக்கிறது. அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் டிஃபரன்ஷியல் கேஜில் "0.3 பார் வந்தால் கழுவவும்" என்று ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் இரவு நான் எழுதியது 0.19. மறுநாள் மதியம் பம்ப் கரகரவென்று கத்தி, ஃப்ளோ ஸ்விட்ச் அடித்து, சில்லர் நின்றுவிட்டது. இரவில் பம்ப் 40 ஹெர்ட்ஸில் ஓடும், பகலில் 50. கழுவிய புதிதில் 50 ஹெர்ட்ஸில் 0.06 காட்டும். கண்டென்சரின் டிஃபரன்ஷியல் கேஜ் இரவில் 0.38, பகலில் 0.60. கேஜ் பழுதா, நான் பார்த்தது தப்பா?

தம்பி, கேஜும் சரி, நீங்கள் எழுதியதும் சரி. அந்த ஸ்டிக்கர்தான் பாதி உண்மையைச் சொல்கிறது. 0.3 பார் எந்த வேகத்தில் என்று அதில் இல்லை. பம்ப் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் வருவதற்கு முன்னால், பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடிய காலத்தில் யாரோ ஒட்டியதாக இருக்கும்.

தண்ணீர் சல்லடையைக் கடக்கும்போது இழக்கும் அழுத்தம், ஓட்டத்தின் இருமடிப் பெருக்கத்தோடு போகும். ஓட்டம் 80 சதவீதமாகக் குறைந்தால் அழுத்த இழப்பு 64 சதவீதமாகிவிடும். 40 ஹெர்ட்ஸில் நீங்கள் பார்த்த 0.19, அதே அழுக்கோடு 50 ஹெர்ட்ஸில் ஓடினால் 0.30. உங்கள் ஸ்ட்ரெய்னர் அன்றிரவே கழுவ வேண்டிய கோட்டில் நின்றிருக்கிறது. காலையில் உற்பத்தி ஏறி, பம்ப் வேகம் எடுத்ததும் வெளியே தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. ஹெர்ட்ஸை நம்பிப் போடுவதும் அவ்வளவு சரியில்லை. டவரின் உச்சிக்குத் தண்ணீரைத் தூக்க வேண்டியிருப்பதால், வேகத்தைக் குறைக்கும்போது ஓட்டம் அதைவிடச் சற்று அதிகமாகவே குறையும். சுலபமான வழி உங்கள் லாக் புக்கிலேயே இருக்கிறது. அதே தண்ணீர்தான் கண்டென்சர் குழாய்களிலும் ஓடுகிறது, அங்கும் அழுத்த இழப்பு ஏறக்குறைய அதே விதிப்படிதான் நடக்கும். ஆகவே ஸ்ட்ரெய்னர் எண்ணைக் கண்டென்சர் எண்ணால் வகுத்தால் ஓட்டம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது அழுக்கு மட்டும்.

உங்களுடையதில் போட்டுப் பாருங்கள். சுத்தமாக இருந்தபோது 0.06-ஐ 0.60-ஆல் வகுத்தால் 0.1. அன்றிரவு 0.19-ஐ 0.38-ஆல் வகுத்தால் 0.5. ஐந்து மடங்கு. கேஜை மட்டும் பார்த்தால் மூன்று மடங்குதான் ஏறியது போலத் தெரியும். நள்ளிரவில் படித்தாலும் நண்பகலில் படித்தாலும் இந்த விகிதம் கிட்டத்தட்ட மாறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: கண்டென்சர் குழாயில் படிவு ஏறினால் அந்த எண்ணும் கொஞ்சம் ஏறி, விகிதத்தைக் குறைத்துக் காட்டும். குழாய்களைப் பிரஷ் போட்டுத் துடைத்த கையோடு 0.1 என்ற அடிப்படையைப் புதிதாக எடுத்து எழுதி வையுங்கள்.

சரி, எந்த விகிதத்தில் கழுவுவது? உங்கள் ஸ்ட்ரெய்னர் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எல்லையைச் சொல்வது பம்ப்தான். உள்வாயில் அழுத்தம் ரொம்பக் குறைந்தால் தண்ணீர் குமிழ் குமிழாக ஆவியாகி, இம்பெல்லரில் வெடிக்கும். நீங்கள் கேட்ட கரகர சத்தம் அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சரளைக்கல்லை உள்ளே போட்டுச் சுற்றுவது போல இருக்கும். உள்வாயில் பம்புக்குக் குறைந்தபட்சம் வேண்டிய அழுத்தம், பம்பின் தாளில் என்.பி.எஸ்.எச். என்று மீட்டரில் இருக்கும், அதைத் தேடி எடுங்கள். உதாரணத்துக்கு 5.5 என்று வைப்போம். காற்றழுத்தம், தண்ணீர் உயரக் கணக்கில், 10.3 மீட்டர். டவர் தொட்டியின் நீர்மட்டம் பம்பைவிட அரை மீட்டர் உயரம் என்றால் அதைக் கூட்டுங்கள். 32 டிகிரி தண்ணீரின் ஆவி அழுத்தத்துக்கு அரை மீட்டர், குழாய் இழப்புக்கு அரை மீட்டர் கழியுங்கள். கையில் 9.8. அதில் பம்புக்கு 5.5 போக, பாதுகாப்புக்கு ஒன்றரை மீட்டர் ஒதுக்கினால் ஸ்ட்ரெய்னருக்கு மிச்சம் 2.8 மீட்டர், அதாவது சுமார் 0.27 பார், முழு வேகத்தில். அதை 0.60-ஆல் வகுத்து விகிதமாகச் சொன்னால் 0.45. அந்த ஒன்றரை மீட்டரைத் தின்றுவிடாதீர்கள். தாளில் உள்ள எண், பம்ப் ஏற்கெனவே 3 சதவீதம் தள்ளும் திறனை இழந்துவிட்ட புள்ளி. சத்தமும் அரிப்பும் அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

0.45 என்பது எல்லை. அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. நான் விகிதம் 0.3 ஆனதும் கழுவுவேன். சல்லடை அடைபடும் விதம் கணக்கு தெரியாதவரை ஏமாற்றும். ஒரு நாளைக்குத் துளைகளில் ஒரு சதவீதம் அடைகிறது என்று வையுங்கள். 30-ஆம் நாள் விகிதம் 0.2, யாருக்கும் கவலை வராது. 50-ஆம் நாள் 0.4. 60-ஆம் நாள் 0.62. முதல் முப்பது நாளில் ஏறியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கடைசிப் பத்து நாளில் ஏறிவிடுகிறது. நேர்கோடு இழுத்து "இன்னும் ஒரு மாதம் தாங்கும்" என்று சொல்பவர் மாட்டிக்கொள்வார். இதே வேகத்தில் 0.3-க்கும் 0.45-க்கும் இடையே சுமார் 11 நாள். வாரம் ஒருமுறை படித்தாலும் வேலைக்கு நாள் குறிக்க அது போதும்.

மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் இந்தக் கணக்கு செல்லாது. டவர் பக்கத்தில் விளக்கு எரிந்தால் அவ்வளவும் தொட்டியில்தான் விழும். ஒரே இரவில் இறக்கைகள் சல்லடையை மூடிவிடும். பக்கத்தில் கட்டுமானம் நடந்தாலும், டவரின் ஃபில்லைத் தட்டிச் சுத்தம் செய்த மறுநாளும் இப்படித்தான். அப்போது ஒவ்வொரு ஷிஃப்டிலும் வகுத்துப் பாருங்கள்.

டிஃபரன்ஷியல் கேஜ் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பல இடங்களில் 0 முதல் 10 பார் வரை காட்டும் சாதாரண கேஜ் இரண்டை மாட்டி வைத்திருப்பார்கள். 1.6 வகுப்புக் கேஜ் என்றால் ஒவ்வொன்றும் 0.16 பார் வரை தவறலாம்; நாம் தேடுவதே அந்த அளவுதான். போதாக்குறைக்கு, ஸ்ட்ரெய்னருக்குப் பின்னால் அழுத்தம் காற்றழுத்தத்துக்குக் கீழே போனால் அந்த முள் பூஜ்யத்திலேயே முட்டி நின்றுவிடும். உங்கள் கேஜிலும் மாதம் ஒருமுறை நடு வால்வைத் திறந்து முள் பூஜ்யத்துக்கு வருகிறதா பாருங்கள்.

கழுவும்போது, ஓடும் பம்பின் உறிஞ்சும் பக்கத்து ஸ்ட்ரெய்னரில் வடிகால் வால்வைத் திறந்து "ஃப்ளஷ்" பண்ணாதீர்கள். அங்கே தண்ணீரை வெளியே தள்ள அழுத்தம் இருக்காது, காற்றை உள்ளே இழுத்துவிடலாம். சில்லரை நிறுத்தி, பம்பை நிறுத்தி, வால்வுகளை அடைத்துப் பூட்டிய பிறகே மூடியைக் கழற்றுங்கள். மாட்டியதும் காற்றை வெளியேற்றிவிட்டு ஓட விடுங்கள்.

பிறகு விகிதத்தைப் பாருங்கள். 0.1-க்கு வந்தால் சரி. 0.15-இல் நின்றால் வலைக் கண்ணில் வழுவழுப்பான பாசியோ சுண்ணாம்போ இன்னும் ஒட்டியிருக்கிறது. பிரஷ் போதாது, கரைசலில் ஊறவைக்க வேண்டும். 0.1-க்கும் கீழே போனால் சந்தோஷப்படாதீர்கள். வலை கிழிந்திருக்கும், அல்லது கூடை அதன் இடத்தில் உட்காராமல் தண்ணீர் ஓரமாகப் போகிறது. அந்த அழுக்கெல்லாம் அப்போது கண்டென்சர் குழாய்க்குள்தான் போய்ச் சேரும். மூடியை மறுபடி திறங்கள்.