குர்ஆனில் இல்லாத இறைச்சொல்

“ஈரோட்டில் ஜும்ஆ பயானில் ஹஜ்ரத், ‘நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுக்கிறேன் என்று அல்லாஹ் சொல்கிறான்’ என்றார். குர்ஆன் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. தவறாகச் சொல்லிவிட்டாரா?”

சகோதரரே, ஹஜ்ரத் தவறாகச் சொல்லவில்லை. அது ஹதீஸ் குத்ஸி. அபூஹுரைரா (ரலி) வழியாக புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. பேசுபவன் அல்லாஹ்; ஆனால் அச்சொல் நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பாக நம்மை வந்தடைகிறது. கருத்து இறைவனுடையது, சொல்லமைப்பு நபியுடையது என்பர் அறிஞர் பலர். சொல்லும் இறைவனுடையதே என்போரும் உண்டு.

இந்த ஹதீஸையே எடுத்துப் பாருங்கள். ‘நோன்பு கேடயம்’ என்பது நபியின் சொந்தக் கூற்று, அதாவது சாதாரண ஹதீஸ். ‘நோன்பு எனக்குரியது’ என்ற இடத்தில் மட்டும் பேச்சு இறைவனுக்கு மாறுகிறது. மேலும், ஓர் அறிவிப்பு ‘ஆதமின் மகனுடைய செயல் எல்லாம் அவனுக்குரியது, நோன்பைத் தவிர’ என்று தொடங்க, முஸ்லிமின் மற்றோர் அறிவிப்பு நன்மை பத்து முதல் எழுநூறு மடங்கு வரை பெருகுவதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே நோன்புக்கு வருகிறது. கருத்தைக் காத்துச் சொல் வேறுபடுவது ஹதீஸில் ஏற்கப்பட்டது. குர்ஆன் வசனத்தை அப்படித் தம் சொல்லில் மாற்றி ஓத எவருக்கும் அனுமதியில்லை.

ஆகவே, தொழுகையில் சூராவுக்குப் பதிலாக இதை ஓத முடியாது. ‘குத்ஸி’ என்ற பெயர் நம்பகத்தன்மைக்குச் சான்றும் அன்று. ‘நான் மறைந்த புதையலாக இருந்தேன்’ என்ற புகழ்பெற்ற வாசகத்துக்கு (நம் பக்கத்துப் பயான்களிலும் கேட்டிருப்பீர்கள்) அறிவிப்பாளர் தொடரே இல்லை என்று இப்னு தைமிய்யா குறிப்பிட்டுள்ளார். அடுத்த முறை ஹஜ்ரத்திடம், அறிவித்த ஸஹாபி யார், எந்தத் தொகுப்பு என்று கேளுங்கள்.