பிராதுல பாதைய எழுதுங்க

அன்புள்ள அண்ணா,

நான் பெங்களூரு அல்சூர்ல இருக்கேன். சொந்த ஊரு விருத்தாசலம் பக்கம். அப்பா சம்பாதிச்சு வாங்கின மூணு ஏக்கர், அவர் போய் ஆறு வருஷமாச்சு, உயில் எதுவும் எழுதல. ஊர்ப் பெரியவங்க வெச்சு ரோட்டோரம் முன்பாதி பெரிய அண்ணனுக்கு, கிணத்தோட பின்பாதி சின்ன அண்ணனுக்குன்னு கூர்சீட்டு எழுதினாங்க. சின்ன அண்ணன் இங்க ஓசூர் ரோட்ல கம்பெனி வேலை. அவர் நிலத்த குத்தகைக்கு விட்டதும் பெரியவர் பாதையில முள்ளு வெட்டிப் போட்டுட்டார், இவர் மோட்டார் கொட்டகைய பூட்டிட்டார். மூணு வருஷமா பேச்சு இல்ல. நான் எந்தப் பக்கமும் இல்ல, எனக்கு நிலத்துல ஒண்ணும் வேணாம். சாமிக்கு ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன்: "கடவுளே, என் ரெண்டு அண்ணனும் பழையபடி ஒத்துமையா இருக்கணும். பெரிய அண்ணன் மனசுல இருக்குற கோவத்த எடுத்துடு. வர்ற பொங்கலுக்கு எல்லாரும் ஒரே வீட்டுல ஒக்காந்து சாப்பிடணும்." பக்கத்து வீட்டு அக்கா இத விவேக்நகர் குழந்தை இயேசு கோயில்ல போடச் சொல்றாங்க. அம்மா கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டச் சொல்றாங்க. எங்க போட்டா நல்லது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

எங்க வேணா போடுங்கம்மா. வியாழக்கெழம விவேக்நகர் கூட்டத்துல நம்ம ஊர்க்காரங்க எத்தன பேர் நிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும், நெத்தியில குங்குமத்தோட கையில மெழுகுவத்தியோட நிப்பாங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அம்மா கொளஞ்சியப்பர்னு சொன்னதும் எனக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னா நான் எட்டாவது படிக்கும்போது எங்க ஆயாவுக்கு அந்தப் பிராத எழுதிக் குடுத்ததே நான்தான்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்துல மணவாளநல்லூர், அங்க கொளஞ்சியப்பர்ங்கற பேர்ல முருகன். கோர்ட்ல மனு குடுக்குற மாதிரியே அவர்கிட்ட மனு குடுக்கணும். பேரு, ஊரு, என்ன கொறைன்னு பேப்பர்ல எழுதி சாமி பாதத்துல வெச்சா விபூதியோட பொட்டலமா மடிச்சுத் தருவாங்க, அத முனியப்பர் முன்னாடி இருக்குற வேல்ல நூல் போட்டுக் கட்டணும். மூணு நாள், மூணு வாரம், மூணு மாசத்துல தீர்ந்துடும்னு நம்பிக்கை. தீர்ந்ததும் சும்மா இருந்துடக் கூடாது, திரும்பப் போயி பிராத வாபஸ் வாங்கணும், அதுக்குப் பேரு ராஜினாமா.

எங்க அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் உங்க வீட்டுல நடந்த அதே சண்டை. முன்னாடி அப்பா, பின்னாடி சித்தப்பா. நான் பேனாவ வெச்சுக்கிட்டு "அண்ணன் தம்பி சண்டை தீரணும்"னு எழுத ஆரம்பிச்சேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எழுதுனத வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு பேப்பர வாங்கிக் கசக்கிப் போட்டுட்டாங்க. "சண்டைன்னா சாமிக்கு என்னடா தெரியும், எந்தச் சண்டைன்னு? பாதன்னு எழுது. வேலியோரம் வேப்பமரத்துலேருந்து கெணறு மட்டும் வண்டி போற பாத, அத வுடச் சொல்லுன்னு எழுது"ன்னாங்க. யார் மேல தப்புன்னு ஒரு வார்த்தை எழுத விடல.

இப்ப உங்க லெட்டர எடுத்துப் பாருங்க. "பெரிய அண்ணன் மனசுல இருக்குற கோவத்த எடுத்துடு." எந்தப் பக்கமும் இல்லன்னு சொல்லிட்டு பிரார்த்தனையிலேயே தீர்ப்பு எழுதிட்டீங்களே! முள்ளு வெட்டிப் போட்டவர் மேல கோவம்னா, கொட்டகைய பூட்டுனவர் கோவத்த யாரு எடுக்குறது? சின்னவர் பெங்களூர்ல கூடவே இருக்காரு, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர்றாரு, அவர் சொல்ற கதைதான் உங்க காதுல விழுது. ஊர்ல வெயில்ல மல்லாட்டக்குத் தண்ணி இல்லாம நிக்கிற மனுஷன்கிட்ட எத்தன தடவ போன் பண்ணிக் கேட்டீங்க? இது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, அதனால சொல்றேன்.

அடுத்தது, "எனக்கு நிலத்துல ஒண்ணும் வேணாம்." அத நீங்க மனசுல சொல்லிக்கிட்டா சட்டத்துக்குத் தெரியாதும்மா. அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்து, உயில் இல்ல, அப்ப 1956 வாரிசுரிமைச் சட்டப்படி உங்க அம்மா, ரெண்டு அண்ணன், நீங்கன்னு நாலு பேருக்கும் சமமா நாலு பங்கு. நீங்களும் அம்மாவும் கையெழுத்துப் போடாம அண்ணனுங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட கூர்சீட்ட, அதுவும் பதிவு பண்ணாதத, எந்த ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டுனாலும் நிக்காது. பட்டா இன்னும் அப்பா பேர்ல, இல்லன்னா கூட்டுப்பட்டாவாதான் இருக்கும், eservices.tn.gov.in-ல போட்டுப் பாத்துடுங்க. வேணாம்னா வேணாம், விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுங்க, உங்க இஷ்டம். ஆனா பாதையும் தண்ணியும் எழுத்துல வர்றதுக்கு முன்னாடி குடுத்துடாதீங்க. உங்க கையெழுத்து வேணும்னா ரெண்டு பேரும் ஒரே ரூம்ல வந்து ஒக்காந்துதான் ஆகணும், அத ஏன் தூக்கிப் போடுறீங்க?

சரி, பாதை. இதத்தான் நான் இத்தன வருஷமா பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். அண்ணன் தம்பிக்குள்ள ஏக்கர் கணக்குல சண்டை வர்றது கம்மி. பாதி பாதின்னு பிரிக்க எல்லாருக்கும் தெரியும். பத்திரத்துல கடைசியில ஒரு வரி வரும் பாருங்க, "மாமூல் வழிநடை பாத்தியம், கிணற்றுப் பாத்தியம் உள்பட"ன்னு, அந்த மாமூல்ங்கற வார்த்தையிலதான் குடும்பமே ஒடையுது. மாமூல்னா எத்தன அடி? எந்த ஓரம்? மாட்டு வண்டி போன காலத்துல ஆறேழு அடி போதும். அப்புறம் டிராக்டர் வந்துச்சு, இப்ப அறுப்பு மிஷின் வருது. அப்பா காலத்துல யாரும் அளக்கல, ஏன்னா ஒரே ஆளு நிலம், எங்க வேணா நடந்தாரு. பிரிச்ச அன்னைக்கு அளக்காம விட்டா, பின்னாடி நிலத்துக்காரன் டிராக்டர் கொண்டுவர்ற அன்னைக்கு முன்னாடி நிலத்துக்காரன் தன் பயிர்ல சக்கரம் ஏறுதேன்னு பாப்பான். அதுலயும் ஓட்டுறது தம்பி இல்ல, யாரோ குத்தகைக்காரன். கூடப் பொறந்தவன் மிதிச்சா பொறுத்துக்குறவன் வெளியாள் மிதிச்சா முள்ளு வெட்டத்தான் செய்வான். உங்க பெரியண்ணன் முள்ளு போட்டது எப்பன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, ஆனா கவனிக்கல.

கணக்கு போட்டுப் பாக்கலாம். முன்பாதி ஒன்றரை ஏக்கர், வடக்கால ரோடு, தெக்கு வடக்கா 300 அடி, அகலம் 218 அடின்னு வெச்சுக்குங்க. உங்க நிலத்தோட நெஜ அளவு புலப்படத்துல இருக்கும், அதப் போட்டுக்குங்க. ஒரு ஓரமா 12 அடி பாதை விட்டா 3,600 சதுர அடி. ஒரு சென்ட்டுங்கறது 435.6 சதுர அடி, அப்ப எட்டேகால் சென்ட். மொத்தம் 300 சென்ட்ல எட்டேகாலுக்கு மூணு வருஷம் பேச்சில்ல! ஆனா பெரியவர் கேக்குறதும் நியாயம், எட்டேகாலும் ஏன் என் பங்குலேருந்து போவணும்னு. போவ வேணாம். நடு எல்லைக் கல்ல சுமாரா எட்டரை அடி தெக்கால தள்ளி நட்டா, பாதை போக ரெண்டு பேருக்கும் சமமா நிக்கும். பாதை யாருக்கும் சொந்தமில்லாம பொதுவுல இருக்கட்டும். "கிழக்கு ஓரம், 12 அடி அகலம், ரோட்டிலிருந்து கிணறு வரை"ன்னு நாலு எல்லையோட எழுதி, சர்வேயர வெச்சு அளந்து கல்லு நட்டு, பதிவு பண்ற பாகப்பிரிவினைப் பத்திரத்துல தனி அயிட்டமா போடணும். உட்பிரிவு பண்ணித் தனிப்பட்டா வாங்குறப்பவும் அந்தப் பாதைய தனியாக் காட்டச் சொல்லணும். இல்லன்னா நாளைக்கு யாராவது ஒரு பங்க வித்தா வாங்குறவன் மறுபடி முள்ளு வெட்டுவான்.

கிணறும் அதே கதைதான். "பாதி பாத்தியம்"னு மட்டும் எழுதுனா போதாது. த்ரீ ஃபேஸ் கரண்ட் பகல்ல கொஞ்சம் ராத்திரியில கொஞ்சம்னு வர்ற ஊர்ல, பகல் ஒருத்தருக்கு ராத்திரி ஒருத்தருக்குன்னு பிரிச்சா ராத்திரி முறைக்காரன் பாம்புக்கு நடுவுல நிக்கணும், அதனால ஒருநாள் விட்டு ஒருநாள்னு எழுதுங்க. மோட்டார் ரிப்பேருக்கு யாரு எவ்வளவு, கொட்டகைச் சாவி எத்தனன்னும் எழுதணும். முன்பாதிக்குத் தண்ணி போற பைப்ப அந்தப் பாதை ஓரமாவே பொதச்சுட்டீங்கன்னா, பாதைய மூடுனா தன் பைப்பும் சேந்து மூடுதுன்னு பெரியவருக்குத் தெரியும், அப்புறம் முள்ளு போடக் கை வராது.

எங்க ஆயா கதைய முடிக்கல. பிராது கட்டிட்டு வந்து அவங்க சும்மா இருக்கல. ரெண்டு வீட்டுக்கும் போயி, திண்ணையில ஒக்காந்து, "பாதைக்குப் பிராது கட்டியிருக்கேன், பேரு எழுதல"ன்னு சொல்லிட்டு வந்தாங்க. அவ்வளவுதான். மூணு வாரம் ஒண்ணும் நடக்கல. ஒருநாள் விடியக்காலையில மம்முட்டிச் சத்தம் கேட்டு எழுந்து பாத்தா, எங்க அப்பா வேலியோரத்துல கரும்ப வெட்டி ஒதுக்கிக்கிட்டு இருக்காரு, வேப்பமரத்துலேருந்து ஒரு கயித்த இழுத்துக் கட்டிட்டு, காலடி வெச்சுப் பத்தடி அளந்து அளந்து. அந்தப் பக்கம் சித்தப்பா வந்து நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. குனிஞ்சு கயித்தோட மறுமுனையப் புடிச்சுக்கிட்டாரு.

அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் அவங்க பேசல. ஆனா வண்டி போச்சு, தண்ணி பாஞ்சுது. ஆயா அந்த மாசமே போயி ராஜினாமா குடுத்துட்டாங்க. பேச்சே இல்லியே, அதுக்குள்ள ஏன் குடுத்தேன்னு கேட்டேன். "பேசணும்னு நான் எழுதலியேடா, பாத கேட்டேன், குடுத்துட்டாரு"ன்னாங்க.

அதனால அந்தப் பொங்கல் சாப்பாட்ட இப்போதைக்கு லெட்டர்லேருந்து எடுத்துடுங்கம்மா. எனக்கும் அந்த ஆசை புரியுது, அண்ணனுங்க ரெண்டு பேர் நடுவுல ஒக்காந்து சாப்பிட்ட பொண்ணு நீங்க. ஆனா மொத வரியில சர்வே நம்பர், ரெண்டாவது வரியில பாதை, மூணாவதுல கொட்டகைச் சாவி, இவ்வளவு எழுதுங்க. கட்டப் போறப்ப அம்மாவையும் கூட்டிக்கிட்டு, பெரிய அண்ணன் வீட்டுல ஒரு ராத்திரி தங்கிட்டு, அவர் கையால தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போங்க.