ஒரே ஃபைல், ஆனால் வரி எண் மட்டும் ஏன் மாறுகிறது? – பத்திர டைப்பிங் கேள்வி பதில்

அம்மாபேட்டை ஜூனியர் வக்கீல்: அக்கா, பாகப்பிரிவினை டிராஃப்டை வேர்டில் அடித்து, வரி எண் போட்டு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மெயிலில் அனுப்பினேன். நான் 86-ஆம் வரி என்று சொன்னால் அவருக்கு அது 91-ல் இருக்கிறது. ஒரே ஃபைல்தானே?

ஃபைல் ஒன்றுதான் தம்பி, பக்கம் ஒன்றல்ல. வேர்டு உங்கள் வாக்கியத்துக்கு எண் போடுவதில்லை; எழுத்து தாளில் எந்த வரியாக விழுகிறதோ அந்த வரிக்குப் போடுகிறது. வரி உடையும் இடம் மாறினால் எண்ணும் மாறும்.

மாறுவதற்கு முதல் காரணம் ஃபாண்ட். நீங்கள் லதாவில் அடித்திருப்பீர்கள். அவர் அதை மொபைலில் திறந்தால் அங்கே லதா இருக்காது, வேறு தமிழ் ஃபாண்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்தின் அகலம் கொஞ்சம் கூடினாலே நாலு வரிப் பாரா ஐந்து வரியாகிவிடும்.

இரண்டாவது தாள். ஏ4 அகலம் 21 செ.மீ., லீகல் தாள் 21.59 செ.மீ. அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், ஆனாலும் வரிக்கு ஒரு சின்னச் சொல் கூடுதலாகப் பிடிக்கும். உயரத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. மேலும் கீழும் 2.5 செ.மீ. விட்டு, வரி இடைவெளி 24 பாயிண்ட் வைத்தால் ஏ4-ல் 29 வரி, லீகலில் 36 வரி.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. Track Changes போட்டுத் திருத்தியிருந்தால், All Markup-ல் பார்க்கிறவருக்கு நீக்கிய சொற்களும் இடம் பிடித்து வரியாக எண்ணப்படும். No Markup-ல் பார்க்கிறவருக்கு அவை இருக்காது. உங்கள் 86-க்கும் 91-க்கும் காரணம் இதுவாக இருக்கலாம். இருவரும் ஒரே காட்சிக்கு மாறி முதலில் அதைச் சரிபாருங்கள்.

நான் செய்வது இதுதான். Ctrl+A அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்த பிறகே Layout → Line Numbers → Continuous கொடுப்பேன். நடுவில் செக்ஷன் பிரேக் இருந்தால், கர்சர் நிற்கும் செக்ஷனுக்கு மட்டும் எண் விழுந்து மற்றது வெறுமையாக நின்றுவிடும். அப்புறம் PDF எடுத்து, ஃபைல் பெயரிலும் மேல் ஓரத்திலும் தேதியும் ‘வரைவு 3’ என்பதும் போட்டு அனுப்புவேன். ‘வரைவு 3, வரி 86’ என்று பேசினால் குழப்பமே வராது. திருத்தம் செய்ய வேர்டு ஃபைல் தனியாகப் போகட்டும்; எண் சொல்ல PDF மட்டும்தான்.

குகை டைப்பிஸ்ட்: PDF எல்லாம் எதற்கு மேடம்? ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டிவிட்டால் வரி நகரவே நகராது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி. வரி உடையும் இடம் நிற்கும், ஆனால் ஃபாண்ட் அகலமானால் கடைசிச் சொல் மட்டும் கீழே விழுந்து, அந்த ஒற்றைச் சொல் வரிக்கும் ஓர் எண் வரும். நடுவில் ஒரு பெயரைச் சேர்த்தால் பாரா முழுவதும் கையால் சரிசெய்ய வேண்டும். திருத்தத்தில் இருக்கிற டிராஃப்டுக்கு இது ஆகாது.

ஆனால் இந்த முறை சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. பழைய கையெழுத்துப் பத்திரத்தைப் பார்த்து டைப் செட் அடிக்கும்போது, மூலத்தில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே நம் வரியும் முடிய வேண்டும். அப்போது என்டருக்குப் பதில் Shift+Enter தட்டுங்கள். பாரா உடையாது, வரி மட்டும் உடையும், வேர்டு அதற்கும் எண் போடும். மூலத்தில் 7-ஆம் வரி, டைப் செட்டிலும் 7-ஆம் வரி. எழுத்தளவைக் கொஞ்சம் சிறிதாக வைத்து, நீளமான வரி கூட ஓரத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தில் மட்டும் பென்சிலால் கூட எண் எழுதாதீர்கள்.

ஏற்காடு எஸ்டேட்காரர்: எங்கள் காபித் தோட்டம் மூன்று பேருக்குப் பாகம் ஆகிறது. டிராஃப்டில் எல்லா வரிக்கும் எண் இருக்கிறது, தபசிலில் மட்டும் இல்லை. எங்களுக்குத் தகராறே அந்தத் தபசிலில்தான்.

தபசிலை டேபிளாகப் போட்டிருப்பார்கள் ஐயா. டேபிளுக்குள் இருக்கும் வரிகளுக்கு வேர்டு எண் போடாது. அடிக்குறிப்புக்கும் டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் கூடப் போடாது. சர்வே எண்ணும் விஸ்தீரணமும் நான்கெல்லையும் இருக்கிற இடமே எண்ணில்லாமல் நின்றுவிடுகிறது.

டேபிளைக் கலைத்து வெறும் எழுத்தாக்க வழி உண்டு: டேபிளுக்குள் கர்சரை வைத்து, டேபிளுக்கான Layout-ல் Convert to Text. எண் வந்துவிடும், ஆனால் கட்டம் போய்விடும். எந்த ஏக்கர் எந்த சர்வே எண்ணுக்கு என்று கண் தடுமாறும். சொத்து விவரத்தில் அந்த ஆபத்து வேண்டாம். டேபிளை அப்படியே விட்டு முதல் கட்டத்தில் ஐட்டம் எண் போடச் சொல்லுங்கள்: ஏ1, ஏ2, பி1, பி2 என்று. ‘பி3-ல் கிழக்கு எல்லை தவறு’ என்று உங்கள் தம்பி ஃபோனில் சொன்னால் மூன்று பேரும் ஒரே கட்டத்தைப் பார்ப்பார்கள். ஃபாண்ட் மாறினாலும் பி3 மாறாது. தபசிலைப் பொறுத்தவரை வரி எண்ணை விட இதுதான் பலமானது.

சூரமங்கலம் வாசகர்: பிராதில் 1, 2, 3 என்று பாரா எண் போட்டால் இரண்டாம் வரி உள்ளே தள்ளி நிற்கிறது. ஓரத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

அது பாரா எண், நாம் பேசுவது வரி எண். பாராவில் ரைட் கிளிக் செய்து Adjust List Indents-க்குப் போய் Text indent-ஐ 0 ஆக்குங்கள். பிராதில் பாரா எண்ணை எடுத்துவிட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 6 விதி 2 கேட்பது அதைத்தான்.

ஐந்து ரோடு சட்ட மாணவி: நெட்டில் 1 முதல் 28 வரை எண் போட்ட டெம்ப்ளேட் கிடைத்தது. என் எழுத்து ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் நிற்கிறது.

அது அமெரிக்க வடிவம். கலிபோர்னியா நீதிமன்றங்களில் இடது ஓரத்தில் வரி எண் கட்டாயம். அந்த 28 எண்ணும் ஹெடரில் நிற்கும் வெறும் எழுத்து. உங்கள் வரியை அது எண்ணவில்லை. Line spacing-ஐ Exactly ஆக்கி, ஹெடரில் இருக்கும் எண்களின் இடைவெளியையே கொடுத்தால்தான் நேராக நிற்கும். தமிழுக்கு அதைக் குறைத்தால் மேலே ‘ஈ’காரச் சுழியும் கீழே ‘ஞு’வின் வாலும் வெட்டுப்படும். இதை விட்டுவிட்டு வேர்டின் சொந்த எண்ணையே போடம்மா.

அஸ்தம்பட்டி குமாஸ்தா: அக்கா சொல்லும் Continuous எனக்கு ஒப்பவில்லை. 40 பக்கச் சாட்சியத்தில் ‘வரி 1,043’ என்று கோர்ட்டில் சொன்னால் யார் தேடுவது? Restart Each Page கொடுத்து ‘பக்கம் 31, வரி 12’ என்பதுதான் எடுபடும். வெற்று வரிக்கும் எண் விழுவது இன்னொரு தொல்லை.

நின்று படித்துக் காட்டும் கட்டுக்கு நீங்கள் சொல்வது சரிதான் அண்ணா. நான் ஃபோனில் பேசும் டிராஃப்டை நினைத்துச் சொன்னேன். பத்து பக்கத்துக்குள் இருந்தால் இன்னமும் Continuous-தான் கொடுப்பேன்.

வெற்று வரியை வேர்டு எண்ணத்தான் செய்யும். லிப்ரே ஆபீஸில் Tools → Line Numbering-ல் Blank lines டிக்கை எடுத்தால் எண்ணாது. வேர்டில் என்டர் தட்டி இடம் விடாமல், பாராவின் Spacing After-ல் 12 பாயிண்ட் கொடுங்கள். வெற்று வரியே இருக்காது. எண் விழுந்தால்தான் பக்கத்தின் உயரத்தோடு ஒத்துப்போகும் என்று சில சீனியர்கள் அதை விட்டுவைக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு அப்படியே அடித்துக் கொடுக்கிறேன்.